நோட்டுக்குள் மறைந்திருந்த நான்கு ஆண்டுகள்: பல மொழி தெரிந்த ஒரு கணக்கு டீச்சரின் மறதி நோய்

இது மதுரையில் நினைவாற்றல் பரிசோதனைக்கு வந்த ஒருவரைப் பற்றிய பதிவு. பரிசோதனை செய்த உளவியலாளர் நான். குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவரிடம் படித்தவர்கள் எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் இங்கேயும் டீச்சர் என்றே இருக்கட்டும்.

பின்னணி

டீச்சர் பிறந்தது 1948இல். சௌராஷ்டிரக் குடும்பம். வீடு காமராஜர் சாலைப் பக்கம். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், கல்லூரியில் ஆங்கிலம். கல்யாணத்துக்குப் பிறகு தபாலில் படித்து இந்திப் பரீட்சைகளையும் ஒவ்வொன்றாக எழுதி முடித்தார். 33 ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக வேலை பார்த்து, 2006இல் 58 வயதில் ஓய்வு பெற்றார். அடுத்த மாதமே வீட்டுத் திண்ணையில் இந்தி வகுப்பு தொடங்கிவிட்டார். பிராத்மிக், மத்யமா பரீட்சை எழுதும் பிள்ளைகள் பதினைந்து பேர் தினமும் சாயங்காலம் வருவார்கள். சனிக்கிழமை பஜனை மடம். மார்கழியில் விடியற்காலை பஜனை ஊர்வலம். கணவர் பட்டுச் சேலை வியாபாரி, 2015இல் இறந்துவிட்டார். அதன் பிறகு வகுப்புதான் தன்னை நிமிர்த்தி வைத்திருக்கிறது என்று அவரே சொல்வார்.

அவருக்கு ஓர் அக்கா, ஐந்து வயது மூத்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, வீட்டிலிருந்தே சுங்குடிக்கு முடிச்சுப் போட்டவர். 70 வயதில் அவருக்கு மறதி தெரிய ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஒன்பது ஆண்டுகளில் படுக்கைக்குப் போனார். இதிலிருந்து குடும்பத்தில் ஒரு முடிவு ஊறிப்போயிருந்தது: "பெரியம்மாவுக்குப் படிப்பு இல்லை, வந்துவிட்டது. அம்மா நாலு மொழி பேசுகிறவர், தினமும் கணக்குப் போடுகிறவர், அவருக்கு வராது." இந்த நம்பிக்கை முழுப் பொய் இல்லை. அதில் இருந்த பாதி உண்மைதான் எல்லாரையும் தாமதிக்க வைத்தது. அந்த எல்லாரிலும் நானும் உண்டு.

முதல் வருகை: நவம்பர் 2019

டீச்சர் தானாகவே வந்தார், கூட மகன். "பிள்ளைகள் பேரு நாக்குநுனி வரைக்கும் வருது, அப்புறம் நின்னுடுது" என்றார். மகன் சிரித்தார்: "எனக்கும்தான் வரமாட்டேங்குது. அம்மா சும்மா பயப்படுறாங்க."

வழக்கமான முப்பது மதிப்பெண் சோதனையைச் செய்தேன். நாள், கிழமை, இடம் எல்லாம் சரி. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதை நான் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டார். ஆரம்பத்தில் மூன்று சொற்களைச் சொல்லி, சில நிமிடம் கழித்து அவற்றைத் திரும்பக் கேட்போம். அதில் ஒன்றுதான் வந்தது. மொத்தம் 28.

"உங்க வயசுக்கு இது ரொம்ப நல்ல மதிப்பெண் டீச்சர்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

என் தவறு இங்கேதான் நடந்தது. அந்தச் சோதனையில் பெரும்பாலான மதிப்பெண்கள் படித்தவர்களுக்கு நோய் வந்த பிறகும் கைவிட்டுப் போகாதவை. கணக்கு டீச்சருக்குக் கழித்தல் ஒரு சோதனையே இல்லை, அது பழக்கம். புதிதாகக் கேட்டதை மூளை பிடித்து வைக்கிறதா என்று பார்க்க அதில் இருப்பது மூன்றே மதிப்பெண், டீச்சர் இழந்த இரண்டும் அந்த மூன்றிலிருந்துதான். அதே 28-ஐ ஒருவர் தேதியைத் தப்பாகச் சொல்லியும் ஒரு கழித்தலில் சறுக்கியும் வாங்கியிருந்தால் நான் கவலைப்படத் தேவையில்லை. நான் பார்த்தது மொத்தத்தை. எங்கே குறைந்தது என்று பார்க்கவில்லை. ஆறு மாதம் கழித்து வரச்சொல்லவும் இல்லை.

ஊரடங்கும் அதன் பிறகும்

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. வகுப்பு நின்றது, மடம் பூட்டப்பட்டது. மகன் குடும்பம் மாடியில், டீச்சர் கீழே. பேரப்பிள்ளைகளுக்குச் சௌராஷ்டிரம் கேட்டால் புரியும், பேச வராது. செல்போனில் வகுப்பு எடுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு நாளில் "இது எனக்குச் சரிப்படாது" என்று எடுத்து வைத்துவிட்டார்.

2021 ஆகஸ்டில் திரும்ப அழைத்து வந்தபோது மகன் ஒரு தாளில் எழுதியே கொண்டு வந்திருந்தார். கேட்டதையே பத்து நிமிடத்தில் திரும்பக் கேட்கிறார். மாவு அரைத்ததை மறந்து மறுபடி அரிசி ஊறப்போடுகிறார். வகுப்பைத் திரும்பத் தொடங்கியதும் ஒரு பிள்ளையின் அம்மாவிடம் ஒரே மாதத்துக்கு இரண்டு தடவை பணம் கேட்டுவிட்டார். கடைசியில், "இது முக்கியமா என்று தெரியலை" என்று ஒன்றைச் சொன்னார். இருபது வருடமாகத் தமிழிலேயே பேசி வந்த பக்கத்து வீட்டு அம்மாவிடம், டீச்சர் சௌராஷ்டிரத்தில் பேசிக்கொண்டே போகிறார். அந்த அம்மா திகைத்து நிற்பது இவருக்குத் தெரிவதே இல்லை.

அது மிக முக்கியம். பல மொழி பேசுகிறவர் எதிரில் இருப்பவரைப் பார்த்தவுடன் அவருக்கான மொழியை எடுத்துக்கொள்கிறார், மற்றவற்றை அடக்கி வைக்கிறார். வாழ்நாள் முழுக்க யோசிக்காமலே நடக்கிற வேலை இது. ஒரு சொல் வராமல் வேறு மொழிச் சொல்லைப் போட்டுப் பேசுவது சாதாரணம், மதுரையில் யார்தான் அப்படிப் பேசுவதில்லை. ஆனால் கேட்பவருக்குத் தெரியாத மொழியில் பேசுகிறோம் என்பதே உறைக்காமல் போவது சாதாரணம் இல்லை. மறதி நோய் உள்ள இருமொழியாளர்களிடம் நாங்கள் கவனிக்கிற அறிகுறிகளில் அதுவும் ஒன்று.

"ஊரடங்கில் தனியா இருந்ததால் வந்ததா?" என்று மகன் கேட்டார். அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் அடுத்த வாரம் வீட்டு அலமாரியிலிருந்து வந்தது.

நோட்டுகள்

பழைய கணக்குகள் ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தேன். படித்தவர்களைப் பொதுச் சராசரியோடு ஒப்பிட்டு ஒன்றும் தெரியாது, அவர்களுடைய பழைய நிலையோடுதான் ஒப்பிட வேண்டும். மகன் பதினொரு நீள நோட்டுகளைக் கொண்டு வந்தார்.

2016 வரை அவை வெறும் வரவு செலவு நோட்டுகள், பக்கத்துக்கு ஐந்தாறு வரி. 2017 நடுவிலிருந்து எழுத்து கூடுகிறது. பிள்ளைகளின் பெயர்கள் உட்காரும் வரிசைப்படி. ஒவ்வொரு பெயர் பக்கத்திலும் "சிவப்புப் பை", "கண்ணாடி" என்று அடையாளம். நேற்று எந்தப் பாடத்தில் நிறுத்தினோம் என்று ஒரு வரி. 2018இல் வீட்டு விஷயங்களும் சேர்கின்றன: என்ன சமைத்தது, யார் போன் செய்தது, என்ன பேசியது. 2019 நோட்டில் ஒரே நாளுக்கு மூன்று பக்கம். ஓரிடத்தில் சௌராஷ்டிரத்தைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறார். மகன் படித்துச் சொன்னார்: "காலையில் இதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்."

டீச்சர் எதையும் மறைக்கவில்லை, சமாளித்துக்கொண்டிருந்தார். தன் நினைவில் எங்கே ஓட்டை என்று தானே கண்டுபிடித்து, அங்கே ஒரு முறையை வைத்துக் கட்டியிருக்கிறார். வாழ்நாளெல்லாம் பாடத்திட்டம் போட்ட மூளைக்கு அது கைவந்தது. அப்படியென்றால் நோய் தொடங்கியது 73இல் இல்லை, 69இலோ அதற்கும் முன்னாலோ. ஊரடங்கு நோயைக் கொண்டு வரவில்லை. அது பறித்தது ஊன்றுகோல்களை. நோட்டில் எழுதப் பிள்ளைகளின் பெயர்கள் இல்லை, நாளைக்கு எடுக்க வேண்டிய பாடம் இல்லை, கிழமையை ஞாபகப்படுத்த சனிக்கிழமை மடம் இல்லை.

இரண்டாவது பரிசோதனை: செப்டம்பர் 2021

இந்த முறை இரண்டு மணி நேரம், நடுவில் காப்பி. முதலில் காதுப் பரிசோதனை. இரண்டு காதிலும் நடுத்தர அளவு கேட்கும் திறன் குறைவு இருந்தது, யாருமே கவனிக்கவில்லை. காதில் விழாத சொல்லை மறந்துவிட்டார் என்று குறிப்பது தப்பு. அதனால் ஒலிபெருக்கி வைத்துத்தான் மற்றதைத் தொடர்ந்தோம்.

பத்துச் சொற்களை மூன்று சுற்று படித்துக் காட்டினேன். முதல் சுற்றில் நான்கு, அடுத்த இரண்டு சுற்றிலும் ஐந்து ஐந்து திரும்பச் சொன்னார். இருபது நிமிடம் கழித்து ஒன்றும் வரவில்லை. சரி, சொல் உள்ளே இருந்து வெளியே வராமல் இருக்கலாம் என்று, பழைய சொற்களோடு புதியவற்றைக் கலந்து காட்டி எது முன்பு கேட்டது என்று கேட்டேன். சரியானவற்றில் ஐந்தைத் தொட்டார், நான் சொல்லவே சொல்லாத ஆறையும் தொட்டார். குறிப்புக் கொடுத்தும் கிடைக்கவில்லை என்றால் சொல் எடுக்க வராமல் இருப்பதல்ல பிரச்சினை, சேமிக்கப்படவே இல்லை. பேர் நாக்குநுனியில் நிற்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். சேமிப்பு இப்படி விழுவதுதான் அல்சைமரின் வழக்கமான தொடக்கம்.

ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்ல முடியும் என்று கேட்டபோது தமிழில் எட்டு. எந்த மொழியிலும் சொல்லலாம் என்றதும் பன்னிரண்டு. இரண்டாவது எண்ணைத்தான் நான் கணக்கில் எடுத்தேன். பல மொழிக்காரரை ஒரே மொழியில் அளந்தால் இல்லாத குறையையும் எழுதிவிடுவோம். ஆனாலும் இவருடைய படிப்புக்குப் பன்னிரண்டும் குறைவுதான். முப்பது மதிப்பெண் சோதனையில் இப்போது 25. கழித்தல் அப்போதும் ஐந்துக்கு ஐந்து.

இரத்தத்தில் தைராய்டு, சோடியம் சரி. பி12 கொஞ்சம் குறைவு. ஊசி போட்டுச் சரிசெய்தும் நினைவில் மாற்றம் இல்லை. மறதியைக் கூட்டும் மாத்திரை எதுவும் அவர் சாப்பிடவில்லை. மன அழுத்தத்துக்கான கேள்விகளில் கணவரை நினைத்து அழுதார். ஆனால் தூக்கம், பசி, ஆர்வம் எல்லாம் இருந்தன.

பிறகு எம்.ஆர்.ஐ. புது நினைவுகளைப் பதிய வைக்கிற ஹிப்போகாம்பஸ் பகுதியின் சுருக்கத்தைப் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை தரம் பிரிப்பார்கள். டீச்சருக்கு இரண்டு பக்கமும் மூன்று. படத்தைப் பார்த்த நரம்பியல் மருத்துவர் முதலில் கேட்டது, "இவங்க தானா குளிச்சுச் சாப்பிடுறாங்களா?" வெளியே நாற்காலியில் டீச்சர் ஒரு பிள்ளையின் இந்தி நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தார்.

படத்துக்கும் ஆளுக்கும் ஏன் பொருந்தவில்லை

இந்த இடைவெளிக்குத்தான் அறிதிறன் கையிருப்பு என்று பெயர். மூளையில் எவ்வளவு சேதம் இருக்கிறதோ அவ்வளவு அறிகுறி வெளியே தெரியும் என்று எதிர்பார்ப்போம், பல சமயம் அப்படி இருப்பதில்லை. 1988இல் கேட்ஸ்மன் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு 137 முதியவர்களின் மூளையை இறந்த பிறகு ஆராய்ந்தது. அதில் பத்துப் பேரின் மூளையில் அல்சைமருக்குரிய படிவுகள் இருந்தன, ஆனால் உயிரோடு இருந்தவரை அவர்கள் நன்றாகவே நடமாடியிருந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து நியூயார்க்கில் யாகோவ் ஸ்டெர்ன் குழு வேறு வழியில் பார்த்தது. வெளியே ஒரே அளவு நோய் தெரிகிறவர்களை எடுத்துக்கொண்டு மூளை இரத்த ஓட்டத்தை ஒப்பிட்டார்கள். அதிகம் படித்தவர்களுக்கு மூளையின் பாதிப்பு கூடுதலாக இருந்தது. படிப்பு சேதத்தைத் தடுத்திருந்தால் இப்படி வந்திருக்காது. சேதம் நடக்கிறது, படித்த மூளை கூடக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது.

இதை மகனிடம் வைகைப் பாலங்களை வைத்துத்தான் விளக்கினேன். ஏ.வி. பாலத்தை அடைத்தால் ஊர் நின்றுவிடாது. யானைக்கல் வழியாக, ஓபுளாபடித்துறை வழியாக, குருவிக்காரன் சாலை வழியாகச் சுற்றிப் போய்விடுவோம். அக்கரைக்கு வந்து சேர்ந்தவரைப் பார்த்து எந்தப் பாலம் அடைபட்டது என்று சொல்ல முடியாது. படிப்பு, மொழிகளை மாற்றி மாற்றிப் பேசுவது, நாலு பேரோடு தினமும் பழகுவது எல்லாம் மூளைக்குள் இப்படி மாற்றுப் பாதைகளைப் பழக்கி வைக்கின்றன என்பதே கருத்து. "அப்போ எல்லாப் பாலத்துலயும் தண்ணி ஏறினா?" என்று மகன் கேட்டார். அவர் கேட்டதன் முழு அர்த்தம் இரண்டு வருடம் கழித்துத்தான் எங்கள் இருவருக்கும் புரிந்தது.

மொழி விஷயத்தில் நமக்குப் பக்கத்திலேயே செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஐதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடி குழு 648 மறதி நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டது. அவர்களில் 391 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட அவர்களுக்கு அறிகுறி தெரிய ஆரம்பித்தது சராசரியாக நாலரை ஆண்டு தள்ளி. பள்ளிக்கே போகாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்ததால் இது படிப்பின் விளைவு மட்டும் இல்லை என்று தெரிந்தது. இரண்டு மொழிக்கு மேல் தெரிந்தவர்களுக்கு அதிலும் கூடுதலான தள்ளிப்போதல் இல்லை. அதனால் டீச்சரின் நான்கு மொழிகளை நான்கு மடங்கு காப்பு என்று எண்ணக்கூடாது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த ஆய்வு மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும், நோய் தொடங்கியதாகக் குடும்பம் சொன்ன வயதை வைத்து எண்ணியது. நோய் இல்லாதவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் சிலவற்றில் மொழியால் இந்த நன்மை தெரியவில்லை. படிப்பு விஷயத்தில் ஆதாரம் உறுதியானது. மொழி விஷயத்தில் "இருக்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

டீச்சரையும் அக்காவையும் ஒப்பிட்டு எதையும் நிரூபிக்க முடியாது. அக்காவுக்கும் இரண்டு மொழி தெரியும். ஆனால் அக்காவுக்கு 70இல் வெளியே தெரிந்தது. டீச்சருக்கு 69இலேயே நோட்டில் தெரிந்தும், வெளியே தெரிய 73 ஆனது.

எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி டீச்சரிடம் சொல்வதா என்பது. குடும்பம் வேண்டாம் என்றது. நோட்டுகளை எழுதியவருக்குத் தெரியாதது எதையும் நாம் சொல்லப்போவதில்லை என்றேன். சௌராஷ்டிரத்தில் மகனே சொன்னார். டீச்சர் கேட்டது ஒன்றுதான்: "எவ்வளவு நாள் இருக்கு?" மருத்துவர் உண்மையைச் சொன்னார்: நோய் படத்தில் வெளியே தெரிவதைவிட முன்னே போயிருக்கிறது, அதனால் முடிவுகளை இப்போதே எடுத்துவிடுவது நல்லது.

ஆகவே பண விஷயத்தைத்தான் முதலில் முடித்தோம். எல்லாரும் பவர் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவருக்குச் சித்த சுவாதீனம் போய்விட்டால் சாதாரண பவர் பத்திரம் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி முடிந்துவிடும். எப்போது தேவையோ அப்போதுதான் அது கைகொடுக்காது. அதனால் டீச்சர் அந்த மாதமே உயில் எழுதிப் பதிவு செய்தார். மனத்தெளிவோடு இருக்கிறார் என்று மருத்துவரின் சான்றையும் சேர்த்தோம். வங்கிக் கணக்குகளை, இருவரில் யாரும் எடுக்கலாம் என்ற முறையில் மகனோடு கூட்டுக் கணக்காக மாற்றினார்.

நாடித் துடிப்பையும் இ.சி.ஜி.யையும் பார்த்துவிட்டு டோனபெசில் 5 மில்லிகிராம் தொடங்கினார்கள். இந்த மருந்து அறிகுறியைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தும், நோயின் ஓட்டத்தை நிறுத்தாது. துடிப்பு நிமிடத்துக்கு 56க்கு இறங்கியதால் 10க்கு ஏற்றவில்லை.

காதுக்கருவி வாங்கினார்கள். 2024இல் வந்த லான்செட் குழுவின் அறிக்கை மறதி நோயோடு தொடர்புள்ள, மாற்றக்கூடிய பதினான்கு காரணங்களைப் பட்டியலிடுகிறது. சிறு வயதுக் கல்வி, காது கேளாமை, தனிமை மூன்றும் அதில் உண்டு. 73 வயதில் முதலாவதை ஒன்றும் செய்ய முடியாது. மற்ற இரண்டையும் செய்யலாம்.

வகுப்பை நிறுத்திவிடலாம் என்றது குடும்பம், பணக் குழப்பம் திரும்ப வருமே என்று பயம். நாங்கள் பிரித்துப் பார்த்தோம். எழுத்து, உச்சரிப்பு, மனப்பாடம் எல்லாம் பழைய நினைவு, அது நன்றாக இருந்தது. யார் பணம் கொடுத்தது, நேற்று எங்கே நிறுத்தினோம் என்பது புது நினைவு, அதுதான் போயிருந்தது. டீச்சரிடம் முன்பு படித்த ஒரு பெண் வாரம் மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து புது நினைவுக்கான வேலையை எடுத்துக்கொண்டார். ஐந்து பிள்ளைகள் போதும் என்று குறைத்தோம். பஜனை மடத்துக்கு அழைத்துப்போக ஒரு ஆட்டோக்காரரை நிலையாக ஏற்பாடு செய்தார்கள்.

பிறகு நடந்தது

ஒன்றரை வருடம் நன்றாகப் போனது. 2023 மார்ச்சில் மதிப்பெண் 24. மகன் இனிப்பு வாங்கி வந்தார்.

செப்டம்பரில் 21. 2024 மார்ச்சில் 16. வீட்டுக்குள்ளேயே கழிப்பறை எது என்று தடுமாறினார். இவ்வளவு வேகமாக இறங்கினால் முதலில் வேறு காரணம் தேட வேண்டும். சிறுநீர்த் தொற்று, சோடியம், விழுந்ததால் தலைக்குள் இரத்தக் கட்டு என்று எல்லாம் பார்த்தோம். ஒன்றும் இல்லை. மகன் கோபமாகவே கேட்டார்: "பெரியம்மா ஒன்பது வருஷம் மெதுவா இறங்கினாங்க. எங்கம்மா ஒரே வருஷத்துல. மருந்துதான் கெடுத்திருச்சா?"

மருந்து இல்லை. கையிருப்பின் மறுபக்கம் அது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் முதியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, அவர்களில் மறதி நோய் வந்த 117 பேரின் நினைவு மதிப்பெண்களை 2007இல் ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு கூடுதல் கல்வி ஆண்டும் வேகமான இறக்கத்தின் தொடக்கத்தைச் சுமார் இரண்டரை மாதம் தள்ளிப்போட்டது. ஆனால் இறக்கம் தொடங்கிய பிறகு, அதிகம் படித்தவர்கள் வேகமாக இறங்கினார்கள். மாற்றுப் பாதைகள் இருக்கும்வரை சேதம் வெளியே தெரிவதில்லை. அவையும் அடைபடும்போது உள்ளே சேதம் ஏற்கெனவே முற்றிப்போயிருக்கிறது. மகன் அன்று கேட்ட பாலக் கேள்விக்குப் பதில் இதுதான். இதை 2021இலேயே நான் அவருக்குத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். "முன்னே போயிருக்கிறது" என்று மட்டும் சொன்னோம், "அதனால் கடைசியில் சட்டென்று விழலாம்" என்று சொல்லவில்லை. ஒன்றரை வருட நல்ல காலத்தை அவர்கள் குணமாவதாக எடுத்துக்கொண்டார்கள்.

மொழிகள் போன விதம்

ஆங்கிலம் முதலில் போனது. பிறகு இந்தி பேச்சாக வரவில்லை, ஆனால் பாடப்புத்தகத்தை வைத்தால் உரக்கப் படித்தார். 2024 கடைசியில் தமிழும் நழுவியது. சௌராஷ்டிரம் மட்டும் நின்றது.

அதற்கு நாங்கள் தயாராக இல்லை. பார்த்துக்கொள்ள வந்த பெண் உசிலம்பட்டிப் பக்கத்தவர், பொறுமைசாலி, தமிழ் மட்டும் தெரிந்தவர். டீச்சர் "பானி" "பானி" என்று கேட்கும்போதெல்லாம் அவர் சமையலறைக்குப் போய்ப் பானையைக் காட்டியிருக்கிறார். டீச்சர் தண்ணீர் கேட்டிருக்கிறார். இரண்டு வாரம் சாயங்காலமானால் கத்தினார், கையைத் தட்டிவிட்டார். நோய் முற்றியதால் வந்த ஆவேசம் என்று தூக்க மாத்திரை பற்றிப் பேசும் அளவுக்குப் போய்விட்டது. மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே இருந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தாகம், வலி, குளிர், பாத்ரூம், போதும் என்று முப்பது சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். பஜனை மடத்தில் இருந்து ஒரு பாட்டி வாரம் இரண்டு நாள் வந்து உட்கார்ந்து பேசினார். ஒரு வாரத்தில் கத்தல் பெரும்பாலும் நின்றது. மாத்திரை தேவைப்படவில்லை.

மாற்றிக்கொண்டவை

இப்போது எங்கள் படிவத்தில் மொத்த மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில், பின்னால் நினைவுகூரும் மதிப்பெண்ணைத் தனியாக எழுதுகிறோம். பட்டப்படிப்பு படித்தவர் அதில் ஒன்றுக்கு மேல் இழந்தால் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் அன்றைக்கே நீண்ட சோதனை, ஆறு மாதத்தில் திரும்ப. "மறக்காமல் இருக்க என்னென்ன செய்கிறீர்கள், எப்போதிலிருந்து?" என்று கேட்கிறோம். மறதியைப் பற்றிக் கேட்டால் இல்லை என்பவர்களும் இதற்கு விவரமாகப் பதில் சொல்கிறார்கள்.

மொழிக்கு ஒரு வரி இருந்த இடத்தில் இப்போது மூன்று: அம்மாவிடம் பேசிய மொழி எது, மனக்கணக்குப் போடுவது எந்த மொழியில், வீட்டில் அந்த மொழி பேசத் தெரிந்தவர் இன்னும் யார். மதுரையில் சௌராஷ்டிரம், தெலுங்கு, கன்னடம், உருது என்று வீட்டுக்குள் வேறு மொழி பேசுகிறவர்கள் நிறைய. தமிழ் நன்றாக இருக்கும்போதே, பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கான சொற்பட்டியலை நோயாளியின் வாயாலேயே சொல்லவைத்து எழுதுகிறோம்.

போன மாதம் டீச்சரின் தம்பி தானாக வந்தார். வயது 71, ஓய்வு பெற்ற தபால் ஊழியர். மொத்தம் 28. தேதியில் ஒன்றும் படம் வரைவதில் ஒன்றும் போனது. மூன்று சொற்களும் வந்தன. பத்துச் சொல் பட்டியலில் இருபது நிமிடம் கழித்து ஏழு. எதையாவது எழுதி வைக்கிறீர்களா என்று கேட்டேன். கேஸ் சிலிண்டர் பதிந்த தேதி மட்டும் என்றார், காலண்டரில். அடுத்த தேதியையும் அதிலேயே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.